கட்டம் மாறாத சட்டை

துணியில் குறை இருந்தால் கிருபாவின் கண்ணுக்குத் தப்பாது. பத்தொன்பது வயதில் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலைக்குப் போனவள். விளக்குப் போட்ட மேஜையின்மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன இழை, எதைக் கண்டாலும் அந்த இடத்தில் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். நாலு வருஷம் ஒட்டினாள். இப்போது முப்பது தாண்டிவிட்டது. கோயமுத்தூர் சரவணம்பட்டியில் ஒரு மாடியில் இருக்கும் வீடியோ ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏறக்குறைய அதே வேலையைத்தான் பார்க்கிறாள். ஆனால் இங்கே ஓடும் துணியை எந்தத் தறியும் நெய்வதில்லை.

ஸ்டுடியோ தேஜாவுடையது. ஒரு காலத்தில் பஞ்சாலை வைத்திருந்த குடும்பம். இவனுக்குக் கேமராவில்தான் மோகம். துணிக்கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் விளம்பர வீடியோ செய்து கொடுக்கிறான். ஒரு மாடலை ஒருமுறை நடக்கவிட்டுப் படம் பிடித்தால் போதும். அதன்பிறகு எந்தச் சட்டையின் போட்டோவைக் கொடுத்தாலும் ஏஐ அதை அவர் உடம்பில் போட்டுவிடும். ஒற்றைப் படம் என்றால் பார்ப்பவர் அசந்துபோவார். வீடியோ என்றால்தான் வினை. ஒரு நொடிக்கு இருபத்தைந்து படம், ப்ரேம் என்பார்கள். துணியை அது கொஞ்சம் கொஞ்சமாக, துண்டு துண்டாக உருவாக்குகிறது. ஒரு துண்டில் ஒன்பது கோடு இருந்தால் அடுத்ததில் பதினொன்று. கை ஒருமுறை மார்புக்குக் குறுக்கே போய்வந்தால், கைக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை மறந்துவிட்டு வேறு ஏதோ ஒன்றைப் போட்டு வைக்கும். ஓடவிட்டால் துணி மினுக்கும், பூ நகரும், பொத்தான் முளைத்து மறையும். அதையெல்லாம் பிடித்து நிறுத்துவது கிருபாவின் வேலை. ஸ்டுடியோவில் அவளுக்கு மரியாதை அதனால்தான்.

சென்ற தை மாதத்துக்கு முன்னால் அப்பா மாரப்பன் செத்துப்போனார். காங்கேயம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ஆயுசு முழுக்கப் பண்ணையத்துக்கு, கூலியாளாக, இருந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு அவரும் அம்மா பொன்னாத்தாளும் சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தார்கள். அதனால்தான் பிள்ளைகளுக்குச் சாமுவேல், கிருபா என்று பெயர். செத்த பிறகு பார்த்தால் அப்பாவுக்கு ஆதார் அட்டைப் படத்தைத் தவிர உருப்படியாக ஒரு போட்டோ இல்லை. வருஷ நினைவு ஜெபக் கூட்டத்துக்கு அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி வைப்பதாக இருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. அப்பா இருந்த அந்தத் தோட்டத்துக்காரருக்கு எண்பது வயது நிறைவதை ஒட்டி ஒரு வாழ்க்கைப் படம் எடுக்க வேண்டுமென்று, அவருடைய மகன் பழைய வீடியோ கேசட்டுகளைத் தேஜாவிடம் கொண்டுவந்து கொடுத்தார். மகன் கோயமுத்தூரில் குடியிருப்பவர், மென்மையாகப் பேசுபவர். கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிச் சரிபார்க்கும் வேலை கிருபாவிடம் வந்தது. இரண்டாயிரத்து நாலு, மாட்டுப் பொங்கல், களத்து மேடு. காளைகளுக்கு மாலை போடுகிறார்கள். ஓரத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

அவள் நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி ஓடவிட்டாள். சாகும்வரை எலும்பும் தோலுமாகப் பார்த்த மனிதர், கரணை கரணையான கையோடு, கறுத்த முடியோடு அசைந்துகொண்டிருந்தார். மொத்தம் பதினாறு நொடி. முதல் எட்டு நொடி சும்மா நிற்கிறார். பிறகு யாரோ கூப்பிடும் குரல் கேட்கிறது. தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடுப்பை மடித்துக் குனிகிறார். நாலு நொடி அப்படியே. பிறகு நிமிர்ந்து, பக்கவாட்டில் யாரையோ பார்த்து வாய் நிறையச் சிரிக்கிறார்.

இடுப்பில் வேட்டி. மேலே ஒன்றும் இல்லை.

அந்தக் களத்தில் வேலைக்கு நிற்பவர்கள் சட்டை போடுவதில்லை. கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலேயே எல்லாருக்கும் தெரியும். கிருபா வேலைக்குச் சேர்ந்து முதல் மாதம் அப்பாவுக்கு நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று எடுத்துக் கொடுத்தாள். பின்னாளில் அவளைப் பார்க்கக் கோயமுத்தூர் வரும்போதெல்லாம் அவர் அதைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வெறும் உடம்போடு பஸ் ஏறுவார். பல்லடம் தாண்டிய பிறகு எடுத்துப் போட்டுக்கொள்வார். திரும்பிப் போகும்போது பல்லடத்துக்கு முன்பே கழற்றி மடித்துவிடுவார். அந்தச் சட்டை இன்னும் புதுசாக இருக்கிறது. அவர் உடம்பில் அதைக் கண்டவர்கள் ஊரில் யாரும் இல்லை.

தோட்டத்துக்காரர் மகனிடம் கேட்டு அந்தப் பதினாறு நொடியை வாங்கிக்கொண்டாள். "உங்கப்பாரா இது? தாராளமா எடுத்துக்குங்க" என்றார். அன்று சாயங்காலம் கிருபா தேஜாவிடம் சொன்னாள்.

"தம்பி, வேலை நேரம் முடிஞ்சப்புறம் நம்ம மெஷின்ல ஒரு வேலை செஞ்சுக்கட்டுங்களா? எங்கப்பாவுக்கு அந்தச் சட்டையப் போட்டு உடோணும். ஊரு முன்னால ஒரு தடவையாச்சும் அவரு சட்டையோட நிக்கோணுங்க."

"இதுக்கெல்லாம் கேக்கோணுமாக்கா? செய்ங்க" என்றான் அவன்.

செய்ய உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அவள் கையில் வந்த வேலைகளிலேயே இதுதான் பொல்லாதது. விளம்பர வீடியோவில் மாடல் ஏற்கெனவே ஒரு துணி உடுத்தியிருப்பார். அதன் மடிப்பைப் பிடித்துக்கொண்டு புதுத் துணியை நகர்த்தலாம். இங்கே பிடித்துக்கொள்ள வெறும் தோல்தான். தோலில் அடையாளம் குறைவு. கம்ப்யூட்டர் பாதியில் வழி தவறிவிடும். அதோடு பழைய கேசட்டின் இரைச்சல் வேறு. எல்லாவற்றுக்கும் மேலே, கட்டம். வெறும் வெள்ளைச் சட்டை என்றால் நகர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கட்டம் அரைக்கோடு விலகினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

"வெள்ளைச் சட்டையாப் போட்டுருங்கக்கா, சுலபமா முடிஞ்சிரும்" என்றான் தேஜா.

"அவருகிட்ட வெள்ளைச் சட்டை ஏதுங்க?"



அவள் அப்பாவின் உடம்பில் புள்ளி தேடினாள். தொப்புள், விலா எலும்பின் நிழல், வலது தோளில் ஒரு தழும்பு. மண்வெட்டியும் மூட்டையும் அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன தடம். நடுவில் வெளுத்து, சுற்றிலும் கறுத்து, ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் இருந்தது. கம்ப்யூட்டர் அதைத் தவறவிட்ட இடங்களிலெல்லாம் ஒவ்வொரு ப்ரேமாகப் போய்க் கையால் குறித்தாள். நானூறு ப்ரேம். முப்பது வருஷம் அப்பாவோடு இருந்தும் அந்தத் தழும்பை அவள் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. இப்போது கண்ணை மூடினாலும் அதுதான் தெரிந்தது. சட்டையை அசையாமல் தாங்கப்போவது அந்தத் தழும்பு. சட்டை வந்ததும் முதலில் மறையப்போவதும் அதுதான். அதை நினைத்து ஒரு நாள் வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் அழுதாள்.

முதல் எட்டு நொடி வசத்துக்கு வந்தது. கட்டம் நன்றாக விழுந்த ஒரு ப்ரேமை மூலமாக வைத்து, அதிலிருந்தே முன்னும் பின்னும் துணியைக் கொண்டுபோனாள். வீடியோத் துண்டும் துண்டும் சேரும் இடத்தில், முந்தின துண்டின் கடைசி ப்ரேம்களையே அடுத்ததற்குத் தொடக்கமாகக் கொடுத்தாள். பை இடது பக்கமே நின்றது. பொத்தான் ஆறும் ஆறாகவே இருந்தன. ஆனால் குரல் கேட்டு அப்பா குனிந்தார் என்றால் எல்லாம் சிதறிவிடும். தோள் துண்டு மார்பைக் கடக்கும், கை இறுக்கிக்கொள்ளும், வயிறு மடியும். அதன்பிறகு நிமிர்ந்தால் சின்னக் கட்டம் பெரிய கட்டமாகியிருக்கும், பை வலது பக்கம் ஓடியிருக்கும். சிரிக்கும் அப்பா வேறு யாரோ ஒருவருடைய சட்டையில் நின்றுகொண்டிருந்தார்.

"எட்டு நொடியோட வெட்டிரலாமேக்கா" என்றான் தேஜா. "குனியறது எதுக்கு? இல்லீன்னா அவரு நேராவே நிக்கற மாதிரி ஜெனரேட் பண்ணிக்கலாம்."

"சிரிப்பு கடைசியில இருக்குதுங்க தம்பி. அவரு நிக்காதபடி நிக்க வெச்சா அது எங்கப்பா இல்லீங்க."

இதைச் சொன்னபோது தான் சொன்னது என்னவென்று அவளுக்கே முழுசாக விளங்கவில்லை.

குனிந்த உடம்பில் அந்தச் சட்டை எப்படி மடியும் என்பது ஏஐக்குத் தெரியவில்லை. தொங்கவிட்டு எடுத்த போட்டோவைத்தானே கொடுத்திருந்தாள். யாராவது அதைப் போட்டுக்கொண்டு குனிந்தால், படம் எடுத்து, அதைப் பார்த்து நடுவில் ஒரு ப்ரேமைச் சரியாக அமைக்கலாம். அண்ணன் சாமுவேல் பக்கத்துக் கல்லூரியில் லேப் உதவியாளர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வரச் சொன்னாள். மருந்து வாங்க ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பொன்னாத்தாளும் கூடவே வந்து, ஏசிக் குளிர் ஆகாமல் முந்தானையைப் போர்த்திக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள்.

சாமுவேல் சட்டையைப் போட்டான். துண்டை வாங்கினான். கிருபா வீடியோவை ஓடவிட்டுக் காட்டினாள். அவன் பார்த்துவிட்டுக் குனிந்தான். கீழே விழுந்த சாவியை எடுப்பதுபோல இருந்தது.

"முதுகு இன்னும் மடியோணும்ணா. பார்வை தரையில இருக்கோணும்."

மறுபடி குனிந்தான். தோள் விறைத்துக்கொண்டு நின்றது. கட்டம் எல்லாம் இழுபட்டு நேராகவே இருந்தது. மூன்றாம் தடவை பாதியில் நிமிர்ந்துவிட்டான். முகம் சிவந்திருந்தது.

"எனக்கு இப்பிடிக் குனிய வரமாட்டீங்குது கண்ணு. ஒடம்பு கேக்க மாட்டீங்குது."

அவனுக்கு அது வராதபடி பார்த்துக்கொண்டவர் அப்பாதான். பள்ளிக்கூடம் படிக்கிற பையனைக் களத்துப் பக்கமே அண்டவிட்டதில்லை.

"இங்க கொண்டா" என்று பொன்னாத்தாள் எழுந்தாள். சட்டையை வாங்கிச் சேலைக்குமேல் போட்டுக்கொண்டாள். களையெடுக்கும் பெண்கள் வெயிலுக்கு ஆம்பிளைச் சட்டை போடுவது வழக்கம்தான்; அவள் கை தானாகவே பொத்தானைப் பூட்டியது. துண்டை அக்குளில் இடுக்கினாள். முழங்கால் ஒரு விரற்கடை தளர்ந்தது, தோள் உள்ளே ஒடுங்கியது, இடுப்பு மடிந்தது. கழுத்து தாழ்ந்தது. யாரும் அவளுக்கு வீடியோவைக் காட்டவில்லை.

"இப்பிடித்தான். எடுத்துக்க" என்றாள் தரையைப் பார்த்தபடியே.

கிருபா படமாக எடுத்துக்கொண்டே போனாள். தேஜா கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான். சாமுவேல் வெளியே போய்விட்டான்.

அந்தப் படங்களை வைத்துக் குனிந்த நிலைக்கு ஒரு ப்ரேமைச் சரியாக அமைத்தாள். தோள் துண்டும் கையும் மறைக்கும் இடத்தைத் தனியாகப் பிரித்து, அங்கே ஏஐ எதையும் புதிதாக இட்டுக்கட்டாதபடி தடுத்தாள். கை விலகியதும் அந்த இடத்துக்கு மூல ப்ரேமிலிருந்தே துணியை எடுத்துக் கொடுத்தாள். நின்ற ப்ரேமிலிருந்து ஒரு பக்கமும் குனிந்த ப்ரேமிலிருந்து ஒரு பக்கமுமாகக் கட்டத்தை நடத்திக்கொண்டு வந்து நடுவில் சேர்த்தாள். சேர்ந்தது. வயிற்றருகே நாலு கட்டம் மடிப்புக்குள் போய், நிமிர்ந்ததும் அதே நாலு கட்டம் வெளியே வந்தது. செக்கிங் மேஜையில் போட்டாலும் ஸ்டிக்கர் ஒட்ட இடமில்லை.

வியாழக்கிழமை தோட்டத்துக்காரர் மகன் தம் படத்தைப் பார்க்க ஸ்டுடியோவுக்கு வந்தார். கிருபாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று பதினாறு நொடியையும் பார்த்தார்.

"அட, அப்பிடியே நெசமாட்ட இருக்குதுங்களே! எங்க படத்துலயும் இதையே சேத்திக்கறோம்மா. அந்தப் பழசு வேண்டாம். ஒடம்புல துணியில்லாம நிக்கறது, இன்னைக்கு நாலு பேரு பாத்தா ஒருமாதிரி ஆயிப்போகும். சட்டையோட இருந்தா எல்லாருக்கும் மரியாதைங்க."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கிருபாவுக்கும் வேலையைப் பாராட்டியதில் ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. அந்த ஒரு நொடியை நினைத்து அவள் பிற்பாடு வெகுநாள் வெட்கப்பட்டாள். "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் அம்மாவை உட்காரவைத்து ஓடவிட்டாள். பொன்னாத்தாள் பார்த்தாள். சிரிப்பு வந்தபோது அவள் முகமும் மலர்ந்தது.

"உன்னையப் பாத்துத்தான் சிரிக்கறாரு. வேலியோரம் நின்னுட்டுக் கரும்பைக் கீழ போட்டுட்டு அழுத நீயி. அப்பறம் அதையே எடுத்து ஊதி ஊதித் தின்ன."

கிருபா இத்தனை நாள் அந்தச் சிரிப்பு யாருக்கோ என்று நினைத்திருந்தாள்.

"சட்டை எப்பிடி இருக்குதும்மா?"

"கொஞ்சங்கூட ஆடல. நீ எடுத்துக் குடுத்தது அப்பிடியே இருக்குது." பொன்னாத்தாள் திரைக்குக் கிட்டே நகர்ந்தாள். "இது நீ எப்ப எடுத்துக் குடுத்தது கண்ணு?"

"வேலைக்குப் போனப்புறம்."

"அப்பறம் இது எப்பிடி அந்தக் களத்துக்கு வந்துது?"

கிருபா வீடியோவை நிறுத்தினாள்.

"அங்க அவரு மேலுக்குத் துணி போட்டு ஒருநாளும் நின்னதில்ல. இதைப் பாக்கறவிய போட்டுட்டு நின்னாருன்னுதான நெனைப்பாங்க? பண்ணையத்துல நல்லாத்தான் வெச்சிருந்தாங்கன்னு ஆயிப்போகுமே. நல்லாச் சட்டை போட்ட மனுசன் எதுக்கு இப்பிடிக் குனியறாருன்னு நாளைக்கு உம்புள்ள கேட்டா, என்ன சொல்லுவ?"

கிருபா திரையைப் பார்த்தாள். மினுக்கிக்கொண்டும் நகர்ந்துகொண்டும் இருந்தவரை அது பொய் என்று யாருக்கும் தெரிந்திருக்கும். தெரியாதபடி ஆக்கியது அவள்தான். நானூறு ப்ரேமிலும் ஒரு குறை இல்லாமல், அந்தக் களத்துக்கே ஒரு சட்டையைப் போட்டு மூடிவிட்டிருந்தாள். ஊர் முன்னால் அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவரைக் குனியவைத்தவர்களின் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்திருந்தாள்.

அன்றைக்கே தேஜாவிடம் சொல்லிவிட்டு, அவனுடைய வாடிக்கையாளர் என்றும் பார்க்காமல் தோட்டத்துக்காரர் மகனுக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, அந்த வீடியோவுல எங்கப்பா சட்டை போடலீங்க. உங்க படத்துல அவரு வரோணும்னா, நின்ன மாதிரியே வரட்டுங்க. இல்லீன்னா அந்த இடத்தை எடுத்துப்போடுங்க. சட்டை போட்டதை நான் அழிச்சுப்போட்டேனுங்க."

அவர் "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். படத்தில் எதைச் சேர்த்தார், எதை எடுத்தார் என்று கிருபா விசாரிக்கவில்லை. அழித்தது நிஜம்தான். மூன்று வாரத்து வேலையை அழிப்பதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தாள். ஒரு கட்டம்கூட விலகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காலனி சர்ச்சில் ஜெபம் முடிந்ததும் வெள்ளை வேட்டி ஒன்றைச் சுவரில் கட்டிப் பதினாறு நொடியை ஓடவிட்டார்கள். கேசட்டின் இரைச்சலோடு, வெறும் உடம்போடு மாரப்பன் வந்து நின்றார். தோளில் தழும்பு தெரிந்தது. பாயில் உட்கார்ந்திருந்த வயசாளிகள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். குரல் கேட்டது. துண்டு அக்குளுக்குப் போனது. அவர் குனிந்தார்.

 அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் அப்படி நின்றவர்கள். சாமுவேல் கிருபாவின் கையைப் பிடித்துக்கொண்டான். 

பொன்னாத்தாள் முன்வரிசையில் இருந்தாள். நீலக் கட்டம் போட்ட சட்டையைச் சேலைக்குமேல் போட்டிருந்தாள். சர்ச்சுக்கு இதென்ன கோலம் என்று சிலர் கேட்டுப் பார்த்திருந்தார்கள். திரையில் குனிந்திருந்தவரையே பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்:

"இருங்க. இப்ப நிமிருவாரு."

நிமிர்ந்தார். வேலிப் பக்கம் பார்த்துச் சிரித்தார்.